எல்லாருக்கும் நன்றி சொன்ன மருதப்பன்

மருதப்பனைக் குறை சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு. ஒரே அலுவலகத்தில், முதுகோடு முதுகாகப் போட்ட மேசைகளில் உட்கார்ந்து, அவருடைய தும்மலையும் தொலைபேசிப் பேச்சையும் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் பெயர் சம்சுன்னிசா. அலுவலக நிர்வாகம் என் கையில். எனக்குக் கோபம் சட்டென்று வரும், சட்டென்று போகாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் கம்பெனி உணவகங்களுக்குச் சரக்கு அனுப்பும் கம்பெனி. அரிசி, மசாலா, மீன், உறையவைத்த பரோட்டா என்று சிங்கப்பூர்த் தேக்காவில் நீங்கள் சாப்பிடும் தட்டில் ஏதாவது ஒன்று எங்கள் லாரியில் வந்ததாக இருக்கும். முதலாளி துரைசாமி. மருதப்பன்தான் சரக்குப் போக்குவரத்து முழுவதையும் பார்த்துக்கொள்ளும் மேலாளர்.

மனிதர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் பிடோக்கில். தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பயிற்சியில், இரண்டு வருஷமும் இவரை ஸ்டோரில்தான் போட்டார்களாம். மற்ற பையன்கள் துப்பாக்கிக் கதை சொல்வார்கள். இவர் போர்வை எண்ணிய கதை சொல்வார். எங்கள் கம்பெனிக்கு லாரி உதவியாளராக வந்து, மூட்டை தூக்கி, பிறகு மூட்டை தூக்குகிறவர்களுக்கு அட்டவணை போட்டு, மெல்ல மெல்ல மேலாளர் ஆனவர். எந்த லாரி எந்தத் திருப்பத்தில் முனகும் என்பது அவருக்குத் தெரியும். யாரையும் அதட்ட மாட்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் எல்லாருக்கும் கறிபஃப் வாங்கி வருவார். நல்ல மனிதர். அந்த நல்ல மனிதரிடம் எனக்குப் பிடிக்காத ஒன்றே ஒன்று, அவர் நன்றி சொல்லும் விதம்.

"எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எல்லாரும் நல்லா செஞ்சீங்க. இது டீம் எஃபர்ட் லா."

இவ்வளவுதான். புது லாரி வந்தாலும் இதுதான், பழைய கணினி போனாலும் இதுதான். வாட்ஸ்அப் குழுவுக்கென்று ஒரு ஸ்டிக்கர் வைத்திருக்கிறார். இரண்டு கைகள் கும்பிட்டபடி இருக்கும், நடுவில் ஒரு தாமரை, கீழே 'சிறப்பு, அனைவருக்கும் நன்றி'. யார் எது போட்டாலும் இது வந்து விழும். ஒருமுறை வெங்கட், எங்கள் கணினி ஆள், தனக்குக் காய்ச்சல், மருத்துவ விடுப்பு எடுக்கிறேன் என்று போட்டான். தாமரை வந்து விழுந்தது. காய்ச்சலைச் சிறப்பாகச் செய்ததற்கு நன்றி என்று நான் பதில் போட்டேன். மருதப்பன் அதற்கும் தாமரை போட்டார்.

இது ஏன் இப்படி என்று கேட்டபோதுதான் அவருடைய பொங்கல் கதை வெளியே வந்தது. அவர் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் வருஷாவருஷம் பொங்கல் கொண்டாடுவார்கள். ஒரு வருஷம் நன்றியுரை இவருக்கு. நம் ஆட்களின் நன்றியுரை எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. சாப்பாடு ஆறிப்போகும்வரை பெயர் வாசிப்பார்கள். இவரும் விட்டாரா, கரும்பு கட்டியவர், நாற்காலி போட்டவர், மைக் பிடித்தவர் என்று ஒவ்வொருவரையும் வேலையோடு சேர்த்துச் சொன்னார். சொல்லாமல் விட்டது ஒரே ஒருவரை. விடியற்காலையிலிருந்து குனிந்து, அந்தத் தளமே நிறையும் அளவுக்குக் கோலம் போட்டிருந்த பஞ்சவர்ணம் அக்காவை. அதிலும் கொடுமை, மனிதர் அந்தக் கோலத்தின் மேல் நின்றுகொண்டுதான் பேசினாராம்.

"அதுக்கப்புறம் லிஃப்ட்டுல பார்த்தா அந்த அக்கா மாடி நம்பரையே பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க சம்சுக்கா. என்னைப் பார்க்குறதே இல்ல. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இனிமே அனைவருக்கும் நன்றி. அதுல யாரும் விட்டுப் போக மாட்டாங்கல்ல?"

"யாரும் உள்ளேயும் வர மாட்டாங்க," என்றேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதெல்லாம் கேலி பேசிச் சிரிக்கும் சமாச்சாரமாகவே இருந்தது. கிடங்கு மாற்றுகிற வேலை வந்து யும்னா மாட்டிக்கொள்ளும்வரை.

பிடோக்கில் இருந்த பழைய கிடங்கின் குத்தகை முடிந்தது. ஆங் மோ கியோ தொழிற்பேட்டையில் புது இடம் பிடித்தார் முதலாளி. கிடங்கு மாற்றுவது வீடு மாற்றுவதைப் போல இல்லை. புது உறைபதன அறை நன்றாகக் குளிர்ந்து நிற்க நேரம் வேண்டும். சரக்கை அடுக்கி, கணினியில் ஏற்றி, எது எந்த அடுக்கில் என்று ஆட்களுக்குப் பழக வேண்டும். அதற்காக உணவகங்கள் காத்திருக்குமா? திங்கட்கிழமை காலை மீன் வரவில்லை என்றால் மீன்தலைக் கறி போடுகிற கடைக்காரர் நம் தலையைக் கேட்பார். அதனால் ஒரு நாள்கூட டெலிவரி தவறக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. அந்த ப்ராஜெக்ட்டுக்கு மருதப்பன் தலைவர். ஒருங்கிணைப்புக்கு என்று ஒப்பந்தத்தில் எடுத்த பெண்தான் யும்னா.

சின்னப் பெண். கண்ணாடி போட்டிருப்பாள், தலைத்துணி ஒருநாளும் கசங்கியிருக்காது. அதிகம் பேச மாட்டாள், ஆனால் தொலைபேசியை எடுத்தால் வேறு ஆள். எனக்கு அவளைப் பார்த்த நாளே பிடித்துவிட்டது. எனக்குச் சட்டென்று பிடிக்கிற ஆட்கள் குறைவு. அவளுக்கும் அதீஃப் என்ற பையனுக்கும் நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். பொங்கோலில் வீட்டுக்கும் பதிந்து வைத்திருந்தார்கள். நிரந்தர வேலை இருந்தால் வங்கிக்காரன் சிரித்த முகத்தோடு பேசுவான். அவளுக்கோ எங்கள் கம்பெனி மூன்றாவது ஒப்பந்தம்.

"ஒவ்வொரு இடத்துலயும் ப்ராஜெக்ட் முடிஞ்சா கேக் வெட்டுவாங்க லாத்தா," என்று ஒருநாள் சொன்னாள். அக்காவை எங்களில் லாத்தா என்போம். "தேங்க் யூ டீம்னு அதுமேல எழுதியிருக்கும். அடுத்த வாரம் என் ஆபீஸ் பாஸை வாங்கிப்பாங்க. கேக் சாப்பிட்டுச் சாப்பிட்டே வேலை போகுது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிடங்கு மாறியது. நான் ஆங் மோ கியோவில் நின்று வருகிற சரக்கை எல்லாம் வாங்கி அடுக்கவைத்துக்கொண்டிருந்தேன். பிடோக்கில் என்ன நடந்தது என்று அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். திங்கட்கிழமை காலை புது அலுவலகத்தில் எல்லாரும் தொலைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். வழக்கமான நாளிலேயே காலையில் ஏழெட்டு வசவு வரும். அன்று ஒன்றும் வரவில்லை. முதலாளி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, லைன் வேலை செய்கிறதா என்று பார்த்தார்.

மருதப்பன் தாமரை போட்டார்.

அந்த வாரமே முதலாளி என்னைக் கூப்பிட்டார். மேசையில் மருதப்பன் எழுதிக்கொடுத்த ப்ராஜெக்ட் அறிக்கை கிடந்தது.

"சம்சு, இந்த யும்னா பொண்ணோட கான்ட்ராக்ட் மாசக் கடைசியில முடியுது. ஒரு பெர்மனென்ட் இடம் இருக்கு. குடுக்கலாமா வேணாமா? மருது என்ன எழுதியிருக்கான் பாருங்க. நல்ல உழைப்பாளி, டீமோட ஒத்துப்போவார். வெங்கட்டுக்கும் இதுதான். லாரி ஓட்டுற ஆரிஃபுக்கும் இதுதான். பிரிண்டரைப் பத்திக் கேட்டா அதுக்கும் இதையே எழுதுவான். எல்லாரும் நல்லவங்கன்னா நான் எதை வச்சு முடிவு பண்றது?"

"நல்ல பொண்ணு முதலாளி."

"நீங்களுமா? என்ன செஞ்சா, சொல்லுங்க."

நான் ஆங் மோ கியோவில் அல்லவா இருந்தேன். சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. முதலாளி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். வியாழக்கிழமை ஃபேரர் பார்க் பக்கத்தில் எல்லாருக்கும் பிரியாணி விருந்து, அங்கே ஆட்களைப் பார்க்கிறேன், மனசுக்கு ஒன்றும் படவில்லை என்றால் ஒப்பந்தம் முடிந்தபடி முடியட்டும் என்றார்.

நேராக யும்னாவிடம் போனேன். "நீ அந்த வாரம் என்னடி செஞ்சே?"

"ஃபோன் பேசினேன் லாத்தா. அவ்வளவுதான்."

"யார்கிட்ட?"

"கடைக்காரங்ககிட்ட. டெலிவரி விஷயமா." அதற்குள் அவளுக்கு அடுத்த அழைப்பு வந்துவிட்டது. தன்னைப் பற்றிப் பேசச் சொன்னால் இந்தப் பிள்ளைகளுக்கு வாயில் கொழுக்கட்டை. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அதை இறக்கிவைக்க ஆள் வேண்டும். மருதப்பனைக் கீழே கோப்பிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"யும்னா என்ன செஞ்சா, சொல்லுங்க."

"நல்லா செஞ்சா."

"என்னத்தை?"

"வேலையை." கோப்பியைக் கலக்கினார். கலக்கிய கோப்பியையே மறுபடி கலக்கினார். "நல்ல பொண்ணு சம்சுக்கா. ஹார்ட்வொர்க்கிங்."

"அந்த ஹார்ட்வொர்க்கிங்கை வச்சு அவ ஒரு மாசம்கூட ஓட்ட முடியாது. வியாழக்கிழமை நீங்க வாயைத் தொறந்து 'அனைவருக்கும்'னு ஆரம்பிச்சீங்கன்னா அந்தப் பொண்ணுக்கு வேலை இல்ல. முதலாளி சொல்லிட்டாரு. வெறும் நல்லவளை வச்சுக்க இடமில்லையாம். யார் என்ன செஞ்சாங்க, அதனால என்ன ஆச்சு. அதைச் சொல்லணும்."

மனிதர் முகம் விழுந்துவிட்டது. யாருடைய வேலையும் தன்னால் போகும் என்று அவர் கனவிலும் நினைத்தவர் இல்லை. "யாரையாவது விட்டுட்டேன்னா?" என்றார், பொங்கல் ஞாபகத்தில்.

"போய்க் கேளுங்க. ஆனா அவங்கவங்களைப் பத்தி அவங்கவங்ககிட்டயே கேக்காதீங்க, ஒண்ணும் வராது. உனக்கு யார் உதவி செஞ்சாங்க, எதுலன்னு கேளுங்க. அப்பத்தான் உண்மை வரும்."

என் பேச்சைப் பாதி கேட்டார், பாதி விட்டார். அதுவும் முக்கியமான பாதியை விட்டார். மறுநாள் காலையில் ஒவ்வொரு மேசையாகப் போய் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "கிடங்கு மாத்துன வாரம் நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்க ஆரம்பித்தார். ஒருநாளும் யாரையும் எதுவும் கேட்காத மனிதர். அலுவலகமே நடுங்கியது. ஆட்குறைப்பு என்று ஒரு பேச்சு, தணிக்கை என்று ஒரு பேச்சு. வெங்கட் எழுந்து நின்று, புது அலமாரியின் கதவை இடித்து வளைத்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டான். சரக்கு எண்ணுகிற பையன்கள் இரண்டு பேர் அனுமதி வாங்காமல் போட்ட விடுப்புக்கு மன்னிப்புக் கேட்டார்கள். மருதப்பன் திகைத்துப்போய் எல்லாரையும் மன்னித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நான் நன்றி சொல்லத்தான் லா கேக்கிறேன். எல்லாரும் குத்தத்தைச் சொல்றாங்க."

"உங்க மூஞ்சி அப்படி. யார் உதவி செஞ்சாங்கன்னு கேளுங்கன்னு சொன்னேன்ல?"

அதற்குப் பிறகுதான் வழிக்கு வந்தார். கேள்வியை மாற்றியதும் கதைகள் கொட்டின. யார் யாருக்குக் கை கொடுத்தார்கள் என்பதை ஆட்கள் எவ்வளவு ஆசையாகச் சொல்கிறார்கள் என்று அவருக்கே ஆச்சரியம். மாலையில் என் மேசை ஓரமாக வந்து நின்று, கேட்டதை எல்லாம் பாடம் ஒப்பிப்பது போல எனக்குச் சொல்லிப் பார்த்தார். வெங்கட்டை எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்திச் சொன்னால் அவன் கூசிப்போவான், உட்கார்ந்தபடியே இருக்கட்டும் என்று அவனிடமே கேட்டு வைத்திருந்தார். நான்கூட இதை யோசித்திருக்க மாட்டேன்.

ஆனால் இரண்டு பேர் அகப்படவில்லை. லாரி ஓட்டுநர்களுக்கு மூத்தவர் ஆரிஃப். அவர் எப்போதும் சாலையில். யும்னா இவர் விசாரித்த இரண்டு நாளும் வாடிக்கையாளர் கடைகளுக்குப் போயிருந்தாள். "அவங்க விஷயம் எனக்கே ஓரளவு தெரியும்," என்று சொல்லிவிட்டார் மருதப்பன். ஓரளவு என்கிற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டாலே எனக்குப் பயம்.

வியாழக்கிழமை மதியம். ஃபேரர் பார்க் பக்கத்து பிரியாணிக் கடையின் மாடி. எங்கள் ஆட்களுக்காக நீள மேசை போட்டிருந்தார்கள். முதலாளி நடுவில் உட்கார்ந்தார். யும்னா கடைசி நாற்காலியில், எழுந்து போக வசதியான இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் கேக்கும் இருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை. அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

மருதப்பன் எழுந்தார். தொண்டையைச் செருமினார். எல்லா முகங்களும் அவர் பக்கம் திரும்பியதும் மனிதருக்கு வியர்த்துவிட்டது.

"எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எல்லாரும் நல்லா..."

நான் கையிலிருந்த கரண்டியைத் தட்டில் போட்டேன். மெதுவாகப் போடவில்லை.

மருதப்பன் நிறுத்தினார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார். அப்புறம் ஆரம்பித்தார் பாருங்கள்.

"வெங்கட். பழைய கம்ப்யூட்டர்ல சரக்கைப் பெட்டிக் கணக்குல வச்சிருந்தோம். புதுசுல பாக்கெட் கணக்கு. அப்படியே மாத்தியிருந்தா, பரோட்டா ஒரு பெட்டி இருக்குற இடத்துல ஒரு பாக்கெட்தான் இருக்குன்னு காட்டியிருக்கும். நாமளும் கிடங்கு நிறைய சரக்கை வச்சுக்கிட்டு இல்லைன்னு சொல்லியிருப்போம். வெங்கட் அதை முன்னாடியே பார்த்துட்டு, ஒவ்வொரு சரக்கா உட்கார்ந்து திருத்தினான். நன்றி வெங்கட்."

வெங்கட் காது சிவக்கத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் சிரிப்பு வாயை விட்டு வழிந்தது. பக்கத்திலிருந்தவன் அவன் தோளில் தட்டினான். முதலாளி, "அப்படியா?" என்று கேட்டுவிட்டு வெங்கட்டையே சற்று நேரம் பார்த்தார்.

இன்னும் ஒன்றிரண்டு பேரைச் சொன்னார். ஒவ்வொன்றும் செய்தி. கூடவே இருந்த எங்களுக்கே அதில் பாதி தெரியாது. மேசையில் கரண்டிச் சத்தம் நின்றுபோயிற்று. மருதப்பனுக்குத் தைரியம் வந்துவிட்டது. அதுதான் வினை.

"அடுத்து ஆரிஃப். திங்கட்கிழமை நமக்கு ஒரு கம்ப்ளெயின்ட்கூட வரல. ஏன்? திங்கட்கிழமைச் சரக்கை சனிக்கிழமையே கடைங்கள்ல கொண்டுபோய்ச் சேர்த்தாச்சு. அதுக்குக் காரணம் ஆரிஃப். ஒரே நாள்ல ரெண்டு நாள் சரக்கை வாங்கிக்கச் சொல்லி, கடைக்காரங்களை எல்லாம் சம்மதிக்க வச்சு..."

"சார், ஒரு நிமிஷம்." ஆரிஃப் கை தூக்கினார். பள்ளிக்கூடத்தில் தூக்குவது போல, மெதுவாக. "மன்னிச்சுக்கங்க சார். அது நான் இல்ல."

"பின்னே யாரு?" என்றார் மருதப்பன்.

"நான் ஓட்டினேன், எறக்கினேன். சம்மதிக்க வச்சது யும்னா. நான் போற கடையில எல்லாம் ஃப்ரீசரைக் காலி பண்ணி வச்சுட்டு எனக்காக நிக்கிறாங்க சார். நான் இந்த வேலைக்கு வந்ததுலேருந்து ஒரு கடையில்கூட சண்டை போடாம வந்த ஒரே நாள் அதுதான். எனக்கே என்னமோ மாதிரி இருந்துச்சு."

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். மருதப்பன் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் கோலத்தின் மேல் நிற்கிற ஆள் போலவே இருந்தது. உட்கார்ந்துவிடுவார், 'சரி சரி, எல்லாருக்கும் நன்றி' என்று முடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். இன்னொரு கரண்டியைத் தேடினேன்.

அவர் உட்காரவில்லை. "நான் தப்பாச் சொல்லிட்டேன்," என்றார். "எனக்குத் தெரியல யும்னா. கேட்டிருக்கணும், கேக்கல. எப்படிச் செஞ்சேன்னு நீயே சொல்லு."

கடைசி நாற்காலியில் யும்னா விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

"ஃபோன் பண்ணினேன் சார்."

"ஃபோன் நானும்தான் பண்றேன்," என்றார் முதலாளி. "ஜாலான் புசார்ல இருக்காரே நம்ம மீன்தலைக்காரர், அவரு எனக்கே ஒத்துக்க மாட்டாரு. அவரை எப்படி?"

"அவங்க முடியாதுன்னுதான் சார் சொன்னாங்க. இடமில்லைன்னாங்க. எவ்வளவு இடமிருக்குன்னு கேட்டேன். அப்புறம்தான் புரிஞ்சுது, ஒவ்வொரு கடைக்கும் ஃப்ரீசர் ஒவ்வொரு அளவு. எல்லாரையும் ரெண்டு நாள் சரக்கை எடுத்துக்கங்கன்னு சொன்னா நடக்காது. அதனால பெரிய ஃப்ரீசர் இருக்குற கடைங்களைத் தனியாப் பிரிச்சு சனிக்கிழமை போட்டோம். சின்ன ஃப்ரீசர் இருக்குறவங்களுக்குப் பாதியை சனிக்கிழமை, மீதியை ஞாயித்துக்கிழமை. மீன்தலைக்காரர் ஐயாகிட்ட நேர்ல போனேன். அவர் ஃப்ரீசருக்குள்ள பாதி இடத்துல பழைய ஐஸ்கட்டி. அதை உடைச்சு எடுத்தா இடம் வந்துரும்னு காட்டினேன்."

"அவரு உடைச்சாரா?"

"நானும் அவரும் சேர்ந்து உடைச்சோம் சார்." கொஞ்சம் தயங்கினாள். "ஞாயித்துக்கிழமை போனது ஆரிஃப் அண்ணன். அன்னைக்கு அவருக்கு லீவு. சின்னக் கடைங்களுக்கு வேற லாரி இல்லைன்னு நான் சொன்னதும், குடும்பத்தோட வெளிய போறதை விட்டுட்டு வந்தாரு. அதை யாரும் சொல்லலையே."

இப்போது ஆரிஃப் தட்டைப் பார்த்தார். மருதப்பன், "நன்றி ஆரிஃப், இந்தத் தடவை சரியான விஷயத்துக்கு," என்றார். மறுபடியும் சிரிப்பு. ஆரிஃப் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிரியாணியில் மிளகாய் அதிகம் என்றார்.

முதலாளி சிரிக்கவில்லை. யும்னாவையே பார்த்துக்கொண்டிருந்தார். வியாபாரம் நடத்துகிற மனிதருக்கு நல்லவள், உழைப்பாளி என்பதெல்லாம் புரியாது. ஃப்ரீசர் அளவு புரியும்.

"திங்கட்கிழமை காலையில நான் ரிசீவரை எடுத்து லைன் வேலை செய்யுதான்னு பார்த்தேன்மா," என்றார். "ஒரு ஃபோன் வரல. எல்லாம் தானா நடந்துருச்சுன்னு நினைச்சேன்."

"அதுதான் சார் நான் செஞ்ச வேலை," என்றாள் யும்னா.

இரண்டு கம்பெனிகளில் கேக் சாப்பிட்டு வெளியே வந்த பெண், தான் செய்த வேலை இன்னதென்று முதல்முறையாக எல்லார் முன்னாலும் சொல்கிறாள்.

"சம்சு," என்றார் முதலாளி என் பக்கம் திரும்பி. "திங்கட்கிழமை இந்தப் பொண்ணுக்கு பெர்மனென்ட் லெட்டர் அடிச்சிருங்க. கடைக்காரங்க அத்தனை பேரையும் இனிமே அவதான் பார்க்கணும். மீன்தலைக்காரரை முக்கியமா."

யும்னா தலையைக் குனிந்துகொண்டாள். தலைத்துணியின் ஓரத்தால் கண்ணாடியைத் துடைத்தாள், அப்புறம் கண்ணையும். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவளுக்குப் பெரிய துண்டாகக் கேக் வெட்டி வைத்தேன். "இதைத் தைரியமா சாப்பிடு," என்றேன்.

விருந்து முடிந்து கீழே இறங்கினோம். வாசலில் மருதப்பன் தனியாக நின்றுகொண்டிருந்தார். வேலை கிடைத்த சந்தோஷம் யும்னாவுக்கு, தப்பாகச் சொன்ன வருத்தம் இவருக்கு. இவரைத் தேற்றுவதற்கு எனக்குப் பொறுமை கிடையாது என்பது அவருக்கும் தெரியும். ஆகவே என்னை விட்டுவிட்டு யும்னாவிடம் திரும்பினார்.

"மன்னிச்சுக்கம்மா. எல்லார் முன்னாடியும் உன் வேலையை எடுத்து இன்னொருத்தர் பேர்ல போட்டுட்டேன். பேசாம எல்லாருக்கும் நன்றின்னு சொல்லியிருந்தா இந்தத் தப்பே வந்திருக்காது."

"வந்திருக்காது சார்," என்றாள் யும்னா. "ஆரிஃப் அண்ணன் கையையும் தூக்கியிருக்க மாட்டாரு."

மருதப்பன் அது பாராட்டா குத்தலா என்று கண்ணாலேயே என்னிடம் கேட்டார். நான் சொல்லவில்லை. இதையாவது அவரே போய் விசாரிக்கட்டும்.